ஆறு பக்கமும் பெயர் எழுதியவர்

தொண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பலகையில் ஜெராக்ஸ் என்றுதான் இருக்கும். ஆனால் பாஸ்போர்ட் போட்டோ, விமான டிக்கெட் பிரிண்ட், பேரன் அனுப்பிய வீடியோ ஏன் திறக்கவில்லை என்ற பஞ்சாயத்து, எல்லாம் இங்கேதான் வந்து சேரும். என் பெயர் நாகலெட்சுமி. எனக்குப் பொறுமை கம்மி என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் வருகிறார்கள் என்றால் அது என் குற்றமில்லை.

ஒருநாள் முற்பகல் காஜா நவாஸ் பாய் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். சுற்றிலும் பழுப்பு டேப்பு, வரிவரியாக, இடைவெளியே இல்லாமல். டேப்புக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, கறுப்பு மார்க்கரில் ‘காஜா நவாஸ், தொண்டி’ என்று எழுதி, அடியில் செல் நம்பர். புரட்டினேன், அங்கேயும் அதே. பக்கவாட்டில் அதே. விரல் அகல ஓரத்தில்கூட எழுத்தைப் பொடிசாக்கி எழுதியிருந்தார். மொத்தம் ஆறு பக்கமும் அவர் பெயர்தான்.

“என்ன பாய் இது, துபாய்க்குக் கருவாடு அனுப்புறீங்களா?”

“ஹார்டு டிஸ்க்கும்மா. எம்மக மாஷிதா குடுத்துட்டுப் போனது. வீட்டு போட்டோ பூரா இதுலதான் இருக்கு. லேப்டாப்புல சொருகுறேன், வர மாட்டேங்குது. ஏன் வரலை?”

இந்த ‘ஏன்’ தான் காஜா நவாஸ். கடைத்தெருவில் அவருக்கு ‘ஏன் பாய்’ என்றே பெயர். பஸ் தாமதமானால் டிரைவரிடம் ஏன் என்பார். டாக்டர் மாத்திரை எழுதினால் வெள்ளை மாத்திரை ஏன், மஞ்சள் ஏன் என்பார். பள்ளிவாசலில் புது ஃபேன் மாட்டியபோது அது ஏன் இடமிருந்து வலமாகச் சுற்றுகிறது என்று கேட்டு எலக்ட்ரீஷியனைப் பாதி வேலையில் ஏணியை விட்டு இறங்க வைத்தவர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. பின்னால் அவரே சொன்னார். வாலிபத்தில் ஷார்ஜாவுக்குப் போனவர், தலை நரைத்த பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அங்கே ஒரு பெரிய குடோனில் வேலை. பெட்டி வரும், பெட்டி போகும். மேல் பக்கம் எது, உடையும் சாமானா, எந்த வரிசையில் ஏற வேண்டும் என்பதெல்லாம் பெட்டியின் மேல் எழுதியிருக்கும். அதைப் பார்த்து அடுக்க வேண்டும்.

“அவ்வளவு வருஷமும் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒருநாளும் பார்த்ததில்லம்மா. கேட்டா ஃபோர்மேன் திட்டுவான். தூக்கு, வை, கேக்காதேம்பான். இப்ப என்னைத் திட்ட யாரு இருக்கா? அதான் கேக்குறேன்” என்றார்.

டிஸ்க்கை ஆறு பக்கமும் கட்டியதும் அந்தப் பழக்கத்தில்தான். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் பெட்டி அனுப்பும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அட்டைப்பெட்டியின் எல்லாப் பக்கத்திலும் பெயரும் ஊரும் எழுத வேண்டும், டேப்பைக் கஞ்சத்தனம் பண்ணாமல் சுற்ற வேண்டும். மகள் விலையுயர்ந்த ஒன்றைக் கையில் கொடுத்து “பத்திரமா வச்சிருங்க அத்தா” என்று சொல்லிவிட்டுக் குவைத்துக்கு விமானம் ஏறினால், அவருக்குத் தெரிந்த பத்திரத்தைத்தானே அவர் செய்வார்.

டேப்பைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க வந்தது. ஒயர் சொருகும் துளையையும் சேர்த்துச் சுற்றியிருந்தார். பிறகு ஒயர் போகவில்லையே என்று அந்த இடத்தில் மட்டும் பிளேடால் கீறியிருந்தார். வெக்கையில் இளகிய டேப்புப் பசை துளைக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் தகட்டுப் பின்களில் ஒட்டிக் கிடந்தது. போதாததற்கு அந்துருண்டை நாற்றம் வேறு.

“பீரோவுல பட்டுச்சேலைக்கு நடுவுல வச்சிருந்தேன். பூச்சி அரிச்சிரக் கூடாதுல்ல?”

“இதைப் பூச்சி அரிக்காது பாய். நீங்கதான் அரிச்சிருவீங்க போல!”

கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. பாவமாகப் போய்விட்டது. ஆனால் கேட்டதை விடவில்லை. “அப்ப இதை எதும்மா அரிக்கும்?” என்றார்.

அதற்குப் பதில் சொல்லவே எனக்கு அரைமணி நேரம் ஆனது. சொல்லிக்கொண்டே, சர்க்யூட் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டும் தொடாமலும் எடுத்துப் பசையைத் துடைத்தேன். நன்றாகக் காய விட்டேன். இங்கே கடற்காற்றில் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. ஜன்னல் கம்பியைத் தின்கிற அதே உப்பு இந்தப் பின்னையும் தின்னும். அதோடு சூடு, தூசி, கீழே விழுவது. இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது, மனிதக் கை. காய்ந்ததும் என் கம்ப்யூட்டரில் சொருகினேன். சின்ன நீல விளக்கு எரிந்தது. கையை வைத்தால் உள்ளே ஏதோ மெல்லச் சுழல்வது தெரிந்தது. திரையில் வருஷவாரியாக மஞ்சள் ஃபோல்டர்கள் வரிசை கட்டின.

பாய் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். “இதுல என்ன இருக்கு? அதுல?” என்று ஒவ்வொரு ஃபோல்டராகக் காட்டினார். ஒன்றைத் திறந்தேன். ரெட்டை ஜடை போட்ட ஒரு சிறுமி வாசலில் முறைத்துக்கொண்டு நின்றாள்.

“மாஷிதா” என்றார். “ஏன் முறைக்கிறா?”

“எனக்கு எப்படித் தெரியும்? உங்க மக, நீங்கதான் சொல்லணும்.”

“நான் அப்ப இல்லையேம்மா.”

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது. பேச்சை மாற்ற, “இதுக்கு இன்னொரு காப்பி எங்க இருக்கு?” என்று கேட்டேன். இல்லை என்றார். காகித ஆல்பங்கள் இருக்குமே என்றேன். பரணில் இருந்தன, போன மழையில் மொட்டைமாடித் தொட்டி கசிந்து பரணுக்குள் இறங்கிவிட்டது, ஆல்பமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகம் உரிந்து வந்தது என்றார். அதற்கு முந்திய விடுமுறையில் மாஷிதா எல்லாப் படத்தையும் ஸ்கேன் எடுத்து இதில் ஏற்றி வைத்திருந்ததால் தப்பித்ததாம்.

அவர் பார்க்காத அத்தனை வருஷமும், பிள்ளைகள் தவழ்ந்ததும் பல் விழுந்ததும் பள்ளிக்கூடம் போனதும், உலகத்திலேயே இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. அந்த ஒரு பெட்டியை அவர் பசை போட்டு மூடி வைத்திருந்தார்.

“இன்னொண்ணு வாங்கி உடனே காப்பி போடுங்க” என்றேன்.

“மாஷிதா கிட்டக் கேக்கணும். தான் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. ஆனா எனக்குப் பார்க்கணும்மா. ஒரு நாளைக்கு ஒரு வருஷம்னு வச்சாக்கூடப் போதும். எப்படி வைக்கணும், எப்படி எடுக்கணும், எப்படிச் சொருகணும், நீ ஒரு தாள்ல எழுதிக் குடுத்துரு.”

சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

மறுநாளே ஒரு பக்கம் தட்டச்சு செய்து, ‘நன்னா, நன்னிமாருக்கு: போட்டோ டிஸ்க்கைப் பார்த்துக்கொள்ளும் முறை’ என்று தலைப்பும் போட்டுக் கொடுத்தேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தொண்டியில் பாதி வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில், போட்டோ பீரோவில். பத்துப் பேருக்காவது உபயோகப்படும் என்று நினைத்தேன். செய், செய்யாதே என்று சுருக்கமாக இருந்தது. எனக்கே பெருமை.

பாய் அதைத் தன் மனைவி நஃபீசா அக்காவோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு, அன்றைக்கே சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தார். வரிக்கு வரி ஓரத்தில் கேள்விக்குறி.

“எழுதினது நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஃபோர்மேன் பேசுற மாதிரி இருக்கு. காரணம் சொன்னாத்தானே மறக்காது?”

கோபம் வந்தது. நியாயமும் தெரிந்தது. உட்கார வைத்தேன்.

‘மேலே ஒரே ஒரு சின்னத் தாள் ஒட்டவும்’ என்று எழுதியிருந்தேன். ஏன் ஒன்று, ஆறு பக்கம் எழுதினால் என்ன என்றார். டேப்பும் தாளும் சுற்றினால் டிஸ்க் ஓடும்போது சூடு வெளியே போகாது, துளையும் அடைபடும் என்றேன். அவர் விடவில்லை. “பெட்டி எந்தப் பக்கமா விழுந்தாலும் பேரு தெரியணும்ல?” என்றார். “பாய், இது எந்தப் பக்கமும் விழவே கூடாது” என்றேன். “அது சரி, கப்பல் சரக்குன்னா விழத்தான் செய்யும். இது வீட்டுச் சரக்கு” என்று தானே தீர்ப்புச் சொல்லி அந்தக் கேள்விக்குறியை அடித்தார்.

‘ஓடும்போது மடியிலோ மெத்தையிலோ வைக்காமல் மேசையில் வைக்கவும், அசைக்க வேண்டாம்.’ இதற்கும் ஏன். உள்ளே ஒரு தட்டு வேகமாகச் சுற்றுகிறது, அதன் மேல் முடி இழையைவிடக் குறைந்த இடைவெளியில் ஒரு சின்னக் கை ஓடுகிறது, அசைந்தால் தட்டில் உரசிவிடும், உரசிய இடத்துப் படம் போனது போனதுதான் என்றேன். அவர் கண் விரிந்தது. “ரெக்கார்டு பிளேயர் மாதிரியா?” அதைப் போலத்தான், ஆனால் அதில் முள் தொட்டால் பாட்டு, இதில் தொட்டால் கேடு. சிலதில் தட்டே கிடையாது, இதில் இருக்கிறது என்றேன். டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார்.

‘வேலை முடிந்ததும் பிடுங்காமல், திரையில் டிஸ்க்கை வெளியேற்று என்று கொடுத்து, விளக்கு அணைந்து ஓட்டம் நிற்கும்வரை பொறுக்கவும்.’ ஏன் பொறுக்க வேண்டும், படம் பார்த்துத்தான் முடிந்ததே? “உங்களுக்கு முடிஞ்சிருச்சு. கம்ப்யூட்டர் இன்னும் கணக்கு எழுதிக்கிட்டு இருக்கலாம். எழுதுற கையைப் பிடிச்சு இழுத்தா கணக்கு குழம்பும்” என்றேன். நஃபீசா அக்கா சொல்லி அனுப்பியதாக அவரே ஒரு வரி சேர்த்தார். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் உடனே சொருகக் கூடாது. அக்காவின் மூக்குக் கண்ணாடி ஏசி அறையிலிருந்து முற்றத்துக்கு வந்ததும் பனி மூடுகிறதே, டிஸ்க்கும் அப்படித்தானே வியர்க்கும் என்று அக்கா கேட்டாராம். எனக்குத் தோன்றவே இல்லை. அறைச் சூட்டுக்கு வரும்வரை அரைமணி நேரமாவது பொறுக்கவும் என்று சேர்த்தேன்.

இப்படியே அந்துருண்டை போய், இறுக்கமான மூடி போட்ட டப்பாவும், புது செருப்புப் பெட்டியில் வருமே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதுவும் வந்தது. அடுப்படி வேண்டாம், ஜன்னலோரம் வேண்டாம், ஃபிரிட்ஜ் தலையில் வேண்டாம். ஒயரை டிஸ்க்கோடு அதே டப்பாவில் வை, ஒயர் முனையின் வடிவத்தைப் பார்த்துச் சொருகு, போகாவிட்டால் முரட்டுத்தனம் பண்ணாதே, எடுக்கும்போது ஒயரை இழுக்காமல் முனையைப் பிடி. சார்ஜ் இருக்கிற லேப்டாப்பிலேயே பார், கரண்டு போனாலும் பாதியில் நிற்காது. டிக் டிக்கென்று புதுச் சத்தம் கேட்டால் அப்போதே நிறுத்து. சில மாதங்களுக்கு ஒருமுறை சும்மாவாவது ஓட்டிப் பார். இரண்டு காப்பி, இரண்டு வீடு.

கடைசி வரியில் நாங்கள் இரண்டு பேரும் சண்டையே போட்டோம். ‘திரையில் புரியாத கேள்வி ஏதாவது வந்தால் ஓகே அமுக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தேன். அது போதாது என்றார். “ஊர்ல எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருக்கும். புரியலைன்னு எவன் ஒத்துக்குவான்? அதனால இப்படி எழுது. அமுக்குனா உள்ள இருக்குறது என்ன ஆகும்னு பக்கத்துல இருக்குற ஆளைக் கேளு. காரணத்தோட பதில் வந்தா அமுக்கு. இல்லைன்னா அமுக்காதே.”

எனக்கு அது வளவளவென்று பட்டது. ஆளை விட்டால் போதும் என்று அப்படியே தட்டச்சு செய்துவிட்டேன்.

மேலே ஒட்டும் தாளுக்கு மாதிரியும் போட்டிருந்தேன். என்ன படங்கள், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, கடைசியாகச் சரிபார்த்த தேதி, யாருடையது. பாய் எல்லாவற்றையும் அழகாக நிரப்பினார். ‘யாருடையது’ மட்டும் காலி.

“ஆறு பக்கம் எழுதுன ஆளு, இங்க எழுத மாட்டீங்களா?”

“அது முகவரிம்மா. இது வேற. படம் எடுத்ததும் காப்பாத்துனதும் வீட்டு ஆளுங்க. நான் ஒரு படத்துலயும் இல்ல. பெறகு எழுதிக்கலாம்” என்று டப்பாவை மூடினார்.

கேட்டுக்கொண்டே இருப்பவர் ஒரு விஷயத்தை மட்டும் பெறகு என்று தள்ளினால் நமக்குக் குறுகுறுக்காதா? அன்றிலிருந்து அந்தக் காலி இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஊர் அடங்கிய நேரம், கடையில் ஒருவருக்கு ரேஷன் கார்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். பாயிடமிருந்து போன்.

“நாகலெட்சுமி, டிவி ஒரு கேள்வி கேக்குது.”

“டிவி எதுக்குக் கேக்குது?”

நடந்தது இது. நஃபீசா அக்காவின் தம்பி கபீர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். அக்கா வீட்டுக்குப் புது டிஷ் பெட்டி ஒன்று கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். லேப்டாப்பில் சின்னதாகத் தெரிகிற படத்தைப் பெரிய டிவியிலேயே பார்க்கலாமே மச்சான் என்று, டிஸ்க்கை அந்தப் பெட்டியின் பின்னால் சொருகிவிட்டார். திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

“என்ன எழுதியிருக்கு, எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க.”

குடோனில் பழகிய இங்கிலீஷ் எழுத்துதான் பாய்க்கு. “எஃப்… ஓ… ஆர்… எம்…” என்று தொடங்கினார். ஃபார்மட் என்று முடிப்பதற்குள் கையிலிருந்த ரேஷன் கார்டை மேசையில் போட்டுவிட்டேன். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தயார் செய்வது. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதி உள்ள சில டிஷ் பெட்டிகள் எந்த டிஸ்க்கைச் சொருகினாலும் அப்படித்தான் கேட்கும். உள்ளே ஒரு குடும்பத்தின் முப்பது வருஷம் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

போனுக்குள் கபீரின் குரல் கேட்டது. “அட, ஓகே குடுங்க மச்சான். எங்க ரூம்லயும் இப்படித்தான் கேட்டுச்சு. ஓகே குடுத்தேன், வேலை செஞ்சுச்சு.”

“உங்க ரூம்ல சொருகுனது புதுசா, பழசா?” இது பாய்.

“புதுசு. அதுக்கு என்ன?”

“இதுக்குள்ள படம் இருக்கு. ஓகே குடுத்தா அது என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணும் ஆகாதுன்னு எப்படித் தெரியும்?”

“சும்மா அமுக்குங்க மச்சான்” என்றார் கபீர். நான் வாய் திறந்து கத்துவதற்கு முன்னாலேயே பாய் சொல்லிவிட்டார். “அப்ப அமுக்க வேணாம். தாள்ல எழுதியிருக்கு.”

“யாரும் ரிமோட்டத் தொடாதீங்க, இந்தா வாரேன்” என்று ரேஷன் கார்டுக்காரரையே கடைக்குக் காவல் வைத்துவிட்டு ஓடினேன். பாய் வீடு கடற்கரைப் பக்கம், இரண்டு தெரு தள்ளி. போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. கூடத்தில் பாய் ரிமோட்டைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

“ஐயோ, எந்திரிங்க பாய்! உக்கார்ற பாரத்துல பட்டன் அமுங்கிறப் போகுது!”

துள்ளி எழுந்தார். நல்லவேளை, அவர் பேட்டரியைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். பேட்டரியைப் போட்டு, அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று கொடுத்து வெளியே வந்தேன். டிஷ் பெட்டியை அணைத்தேன். டிஸ்க்கின் நீல விளக்கும் அணைந்து, ஓட்டம் நின்றதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு முனையைப் பிடித்து எடுத்தேன். மேசையில் வைத்து லேப்டாப்பில் சொருகினேன். அக்காவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. மஞ்சள் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் இருந்தன.

அல்ஹம்துலில்லாஹ் என்று அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கபீருக்கு முகம் தொங்கிப்போயிற்று. “எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமாத் தெரியாது” என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வந்த கோபத்தை எங்கேயாவது இறக்க வேண்டுமே, பாய் மேல் பாய்ந்தேன்.

“டிவிப் பெட்டியில போயி எதுக்குச் சொருக விட்டீங்க?”

“தாள்ல டிவின்னு ஒண்ணும் போடலையேம்மா. ஏன் போடலை?”

பேனாவை வாங்கி, பீரோ கதவில் ஒட்டியிருந்த தாளிலேயே எழுதினேன். ‘டிவியிலும் டிஷ் பெட்டியிலும் இந்த டிஸ்க்கைச் சொருக வேண்டாம். பெரிதாகப் பார்க்க ஆசைப்பட்டால் சில படங்களை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டுப் பார்க்கவும்.’

அன்று இரவே மாஷிதாவுக்குச் சேதி போய், குவைத்திலிருந்து அழுகையும் திட்டும் கலந்து வந்து, கடைசியில் அனுமதியும் வந்தது. கபீர் பரிகாரம் போல மறுநாள் முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்தார். காப்பி போடும் வேலையை என் கடையில் வைத்தோம், இங்கே யூபிஎஸ் இருக்கிறது. இரண்டாவது காப்பி அபிராமத்தில் மாஷிதாவின் மாமியார் வீட்டுக்குப் போவதாக முடிவு. அங்கே கடல் இல்லை, உப்பு இல்லை. இங்கே ஒன்று கெட்டாலும் அங்கே ஒன்று இருக்கும்.

காப்பி ஏறி முடிந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்திருக்கக் கூடாது. புது டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில படத்தையாவது திறந்து பார்க்க வேண்டும். பெயர் இருந்து படம் வராமல் போவதும் உண்டு. பாயும் அக்காவும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நான் திறக்க, அவர் கேட்க, அக்கா சொல்ல, வேலை நகர்ந்தது.

“இது யாரு எடுத்தது?”

“நான்.”

“இது?”

“அதுவும் நான்தான். வேற யாரு இருந்தா?”

ஒரு ஃபோல்டரில் முதல் படத்தைத் திறந்தேன். வீட்டு முற்றம். நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, மூடியைப் பிரித்துப்போட்டது. அதற்குள் மாஷிதாவும் அவள் தம்பி ஆதிலும் கால் மடக்கி உட்கார்ந்து, இரண்டு தலை மட்டும் வெளியே தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இது என்ன பெட்டி?” என்றார் பாய்.

“கேமரா வந்த பெட்டிங்க. நீங்க துணிமணியோட கேமராவும் வச்சு அனுப்புனீங்கல்ல. அதுல எடுத்த முதல் போட்டோ இதுதான். சரியா வருமோ வராதோன்னு பயந்துக்கிட்டே எடுத்தேன்.”

“அது சரி, ஏன் பெட்டிக்குள்ள உக்காந்திருக்காங்க?”

அக்கா அவரைப் பார்த்தார். “தெரியாதா உங்களுக்கு? அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடவே விடலை ரெண்டும். அத்தா பெட்டி, அத்தா பெட்டின்னு மழைக்காலம் முடியிற வரைக்கும் அதுக்குள்ளதான் விளையாட்டு. ஆதிலு தூங்குறதே அதுலதான். மாஷிதா எழுத்துப் படிச்சதே அந்தப் பெட்டியிலதான்.”

படத்தைப் பெரிதாக்கினேன். பெட்டியின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. மூடியின் மேலும் அதே எழுத்து. ஆதிலின் கை பாதியை மறைத்திருந்தும் வாசிக்க முடிந்தது. காஜா நவாஸ், ஷார்ஜா.

பாய் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். ஏதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதர் கேள்வி கேட்காமல் அவ்வளவு நேரம் இருந்து நான் பார்த்ததே கிடையாது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. மறைப்பானேன், நன்றாகவே அழுதேன்.

பிறகு மேசை மேல் இருந்த மார்க்கரை எடுத்தார். பழைய டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளில், ‘யாருடையது’ என்ற காலி இடத்தில், அதே சாய்ந்த எழுத்தில் தன் பெயரை எழுதினார். புது டிஸ்க்கிலும் எழுதினார். எழுதிவிட்டு, பழக்க தோஷம், டிஸ்க்கைப் பக்கவாட்டில் திருப்பினார்.

நஃபீசா அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு பக்கம் போதுங்க” என்றார்.